லேபிள் கேட்டவருக்குக் கல்யாணப் பத்திரிகை எதற்கு?

வேலை விளம்பரத்தில் "உங்கள் படைப்புகளின் இணைப்பை அனுப்பவும்" என்று ஒரு வரி இருந்தால், வரைகலை படிக்கும் நம் நண்பர்களில் பலர் செய்வது ஒன்றுதான். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து செய்த அத்தனையையும் ஒரே கோப்புறையில் கொட்டி, அந்தக் கோப்புறையின் இணைப்பை ஒரு மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாற்பது படம், ஐம்பது படம். எவ்வளவு உழைத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டுவதாக அனுப்புபவர் நினைக்கிறார். ஆனால் வேலை கொடுப்பவர் அந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில், மற்ற வேலைகளுக்கு நடுவே திறக்கிறார். முதல் திரையில் தெரியும் நான்கைந்து படங்களில் தனக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுகிறார்.

விளம்பரத்தில் கேட்ட வேலைக்குப் பொருந்தும் இரண்டே மாதிரிகளை, அவை என்னவென்று சொல்லி அனுப்புவதே மேல் என்பது என் கருத்து. இதை ஒரு உண்மை நடப்பை வைத்தே சொல்கிறேன்.

தெப்ராவில் எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார். எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாக இல்லாமல், தனித்து வடிவமைப்பு வேலை செய்து வருகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், தீபாவளிச் சந்தை விளம்பரம், பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டை என்று அறுபதுக்கும் மேற்பட்ட வேலைகள் அவர் கைவசம் உண்டு. சில மாதங்களுக்கு முன் தெப்ராவ் தொழிற்பேட்டைப் பக்கம் மசாலைத் தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம், பகுதி நேர லேபிள் வடிவமைப்பாளர் தேவை என்று விளம்பரம் செய்தது. மலாயில் மின்னஞ்சல் எழுத வேண்டும், வாக்கியத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொடு தம்பி என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். வாக்கியம் திருத்தப் போன நான், மாதிரி தேர்ந்தெடுப்பதைத்தான் அன்று அதிகம் கற்றுக்கொண்டேன்.

விளம்பரம் ஏழெட்டு வரிதான். ஆனால் அக்கா அதை ஒரு பென்சிலால் கோடிட்டுப் படித்தார். மூன்று இடங்களில் கோடு விழுந்தது. ஒன்று, லேபிளில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வரவேண்டும். இரண்டு, கோப்பு நேராக அச்சுக்கூடத்துக்குப் போகும் நிலையில் இருக்க வேண்டும். மூன்று, ஏற்கெனவே இருக்கும் பொருள் வரிசையில் புதிய தூள்கள் சேரப் போகின்றன. "இந்த மூணையும் காட்டாத படம் எவ்வளவு அழகா இருந்தாலும் இவங்களுக்கு வேண்டாத படம்தான்" என்றார். அவருடைய அறுபது வேலைகளில் இந்தச் சல்லடையில் தங்கியது ஒன்றே ஒன்று.

அது ஒரு முறுக்குப் பொட்டலத்தின் லேபிள். வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மாவுக்காகச் செய்தது. 200 கிராம் பை. பத்திரிகைகளையும் பேனர்களையும் விட இது பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அச்சாகிக் கடைத் தட்டில் நின்ற வேலை இது. உணவுப் பொருளின் லேபிள் வெறும் ஓவியமில்லை. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி நம் நாட்டில் தயாராகும் உணவின் லேபிளில் தேவையான விவரங்கள் தேசிய மொழியில் இருந்தாக வேண்டும். மற்ற மொழிகளைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், உட்பொருள்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர் முகவரி இவற்றுக்கெல்லாம் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் இடத்தில்தான் வடிவமைப்பாளர் தன் கைவண்ணத்தைக் காட்ட முடியும். முறுக்கு லேபிளில் அந்த இட ஒதுக்கீடு நன்றாகத் தெரிந்தது.

அதை எப்படிக் காட்டுவது என்பதிலும் அக்கா யோசித்தார். பலர் அனுப்புவது பை மீது லேபிளை ஒட்டியதுபோல் கணினியில் செய்த பளபளப்பான ஒரு படம். அதில் எழுத்து படிக்கத் தெரியாது. அக்கா ஒரே பக்கத்தில் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தார். இடப்பக்கம் விரித்துப் போட்ட தட்டை லேபிள். வெட்டும் கோடும், அதற்கு வெளியே நிறம் 3 மில்லிமீட்டர் நீண்டிருப்பதும் தெரியும்படி. வெட்டும் கத்தி இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்கத்தான் அந்த நீட்சி. வலப்பக்கம், கடையில் கைப்பேசியால் எடுத்த உண்மையான பையின் படம். கீழே ஒரு குறிப்பு: சிறிய எழுத்துகள் அனைத்தும் கறுப்பு மையில் மட்டும் அச்சாகின்றன என்று. இது எதற்கு என்று கேட்டேன். நான்கு நிற மைகளையும் கலந்து கறுப்பு ஆக்கினால், நான்கு தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து கூராக வரும். கொஞ்சம் நகர்ந்தாலும் உட்பொருள் பட்டியலைச் சுற்றி நிற நிழல் விழுந்து படிக்க முடியாமல் போகும். கறுப்பு ஒன்றில் மட்டும் அடித்தால் நகர்வதற்கு வேறொன்றும் இல்லை. லேபிள் அச்சடித்து நட்டப்பட்ட எவருக்கும் அந்த ஒரு வரி புரியும் என்றார்.

மூன்று மொழியில் தமிழ்தான் அதிகம் வழுக்கும் இடம். படம் வரையும் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து போவதை நீங்களும் பேனர்களில் பார்த்திருப்பீர்கள். 'கொ' என்ற எழுத்தைக் கணினி, க என்ற மெய்யுருவும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகத்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது மென்பொருளின் எழுத்தமைப்புப் பொறியின் வேலை. இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. பத்திப் பலகத்தில் `Middle Eastern & South Asian Every-line Composer` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். தமிழ் தெரியாத அச்சகத்தாருக்கு அது பிழையென்றே தெரியாது. ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுத்துவிடுவார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளின் கதை வேறு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுதும் வேற்றுக் குறிகளாக நிற்கும். (கணினித் தமிழுக்கு முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். அப்படியிருந்தும் நம்மூர் பேனர்களில் கொம்பு இன்னும் இடம் மாறிக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

முறுக்கு லேபிள் முதல் இரண்டு தேவைகளையும் காட்டிவிட்டது. மூன்றாவது, அதாவது ஒரே முகச்சாயலில் பல தூள்கள் என்பதை அது காட்டவில்லை. அக்காவிடம் அப்படி ஒரு வேலையும் இல்லை. இங்கேதான் பலர் பக்கத்திலிருக்கும் இன்னொரு நல்ல படத்தை எடுத்து இட்டு நிரப்புவார்கள். அக்கா இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தார். மீன் கறித்தூள், மிளகாய்த் தூள், கொத்தமல்லித் தூள் என்று மூன்று லேபிள்கள். பெயர் எழுதுமிடமும் எடை எழுதுமிடமும் மூன்றிலும் ஒரே இடத்தில், நிறம் மட்டும் மாறி. கொத்தமல்லியை வேண்டுமென்றே சேர்த்தார். தமிழில் நீளமான பெயர், அதிலும் 'கொ' இருக்கிறது. மலாயில் செர்புக் கெதும்பார், அது வேறு நீளம். மூன்று மொழியும் ஒரே கட்டத்துக்குள் நெரிசலில்லாமல் உட்கார்ந்தால் மற்ற எந்தத் தூளும் உட்காரும்.

அந்தப் பக்கத்தின் மேலே முதல் வரியாக, "இது பயிற்சிக்காகச் செய்தது, எந்த நிறுவனத்துக்காகவும் செய்யப்படவில்லை" என்று எழுதினார். இடைநிலைப்பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் இல்லாதவருக்கும் மாதிரி உண்டு. பயிற்சி மாதிரி குறைவானதில்லை, ஆனால் அதை அச்சான வேலைபோலக் காட்டினால் நேர்காணலில் "எத்தனை அடித்தீர்கள், எந்த அச்சகம்?" என்ற முதல் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும்.

பயிற்சி மாதிரியில் அக்கா இரண்டைச் சேர்க்கவில்லை. ஒன்று ஹலால் சின்னம். ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமியச் சமய அதிகாரிகளின் சான்றிதழ் பெற்ற பொருளுக்குத்தான் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தலாம். 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் அதற்கென்று ஆணையே இருக்கிறது. இல்லாத பொருளின் லேபிளில் அழகுக்காக ஒட்டிவைத்தால், உணவுத் துறையில் இருப்பவர் அதைப் பார்த்ததும் இவருக்கு லேபிள் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். மற்றொன்று கோட்டுக்குறி, அதுதான் பார்கோடு. அந்த எண் நிறுவனத்துக்கு உரியது. ஜிஎஸ்1 மலேசியா வழியாகப் பெறுவது. 955 என்று தொடங்கும். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கோட்டுக்குறியை எடுத்து ஒட்டினால் அது வேறொருவரின் பிஸ்கட்டாக இருக்கலாம். அக்கா அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். ஏறக்குறைய 37 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் உயரம். முழு அளவுக் கோட்டுக்குறிக்கும், வருடி படிப்பதற்கு அதன் இருபுறமும் வேண்டிய வெற்றிடத்துக்கும் சேர்த்து அதுதான் அளவு. இந்த வெள்ளைக் கட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, முறுக்கு லேபிளைக் காட்ட அக்காவுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி. நான் செய்ததை நான் காட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நம் நாட்டின 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் பணித்து நாம் செய்துகொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணித்தவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது செய்தது முதலாளிக்குப் போவதும் அதே பிரிவில்தான். ஆக, புலனத்தில் "சரி அக்கா, செஞ்சிடுங்க" என்று பேசி முடித்த வேலை, பேச்சில் ஒன்றும் சொல்லாததாலேயே வாடிக்கையாளருடையதாகிவிடுகிறது. அக்கா அந்த முறுக்கு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டார். அவரும் தாராளமாகக் காட்டச் சொல்லிவிட்டார். அந்தப் பதிலை அக்கா சேமித்து வைத்திருக்கிறார். இப்போது புதிதாக வேலை எடுக்கும்போதெல்லாம் விலை எழுதும் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்: பொருள் விற்பனைக்கு வந்தபின் இந்த வடிவத்தை என் படைப்புத் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம் என்று. விற்பனைக்கு வந்தபின் என்பது முக்கியம். வெளிவராத பொருளின் லேபிளை மாதிரியாகக் காட்டுபவரிடம், தன் அடுத்த பொருளை எந்த முதலாளி ஒப்படைப்பார்?

கல்யாணப் பத்திரிகையை மாதிரியாக வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் இரு வீட்டாரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். மலாயில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். தலைப்பு வரி: "பகுதி நேர லேபிள் வடிவமைப்பாளர் பணி: மும்மொழி லேபிள் மாதிரிகள் இரண்டு." அக்கா முதலில் "வேலை விண்ணப்பம்" என்று மட்டும்தான் போட்டிருந்தார். அன்று அந்த நிறுவனத்துக்கு வந்திருக்கும் எல்லா மின்னஞ்சலுக்கும் அதே தலைப்பாக இருக்கும் என்று நான்தான் மாற்றச் சொன்னேன். உள்ளே:

"துவான் / புவான், தங்கள் நிறுவனத்தின் பகுதி நேர லேபிள் வடிவமைப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் தெப்ராவில் வசிக்கிறேன். தேவைப்பட்டால் அச்சகத்துக்கு நேரில் வந்து அச்சுப் படியைப் பார்க்க முடியும். கீழுள்ள இணைப்பில் இரண்டு மாதிரிகள் உள்ளன. முதலாவது, 200 கிராம் முறுக்குப் பொட்டலத்தின் மும்மொழி லேபிள். அச்சாகி விற்பனையில் உள்ளது. உரிமையாளரின் அனுமதியுடன் காட்டுகிறேன். வடிவமைப்பு, எழுத்தமைப்பு, அச்சுக் கோப்பு மூன்றும் என்னுடையவை. முறுக்கின் புகைப்படம் வேறொருவர் எடுத்தது. இரண்டாவது, மூன்று தூள்களுக்கான லேபிள் வரிசை, பயிற்சிக்காகச் செய்தது. திங்கள் முதல் வியாழன் வரை மாலையிலும் சனிக்கிழமை முழுநாளும் வேலை செய்ய முடியும். மற்ற வேலைகளைப் பார்க்க விரும்பினால் அனுப்பி வைக்கிறேன்."

பிறகு பெயர், கைப்பேசி எண். அவ்வளவுதான். புகைப்படம் வேறொருவருடையது என்ற வரியை எடுத்துவிடலாமா, விண்ணப்பத்தைப் பலவீனமாக்குமே என்று நான் கேட்டேன். அக்கா எடுக்கவில்லை. அவர் சொன்ன காரணம் நேர்மையைப் பற்றியதுகூட இல்லை. "நாளைக்கு மசாலையைப் போட்டோ எடுத்துக் குடுன்னு கேட்டா நான் எங்க போவேன்? இப்பவே தெரியட்டும்" என்றார்.

இணைப்பை அனுப்பும் முன் அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். கூகல் டிரைவில் ஏற்றும் கோப்பு, நீங்கள் மாற்றாத வரை `Restricted` என்ற நிலையில்தான் இருக்கும். திறப்பவருக்குப் படம் வராது. அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். பத்தில் ஒருவர்கூட அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Viewer` என்று இருப்பதையும் பார்க்க வேண்டும். நம் கணினியில் திறந்து பார்ப்பது சோதனையே ஆகாது, ஏனென்றால் நம் கணக்குக்கு எப்போதும் திறக்கும். அக்கா இணைப்பை என் கைப்பேசிக்கு அனுப்பி, எந்தக் கணக்கிலும் நுழையாத உலாவியில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறக்கச் சொன்னார். முதல் கோப்பு வர நெடுநேரம் ஆனது. அச்சுக்குப் போகும் கோப்பையே ஏற்றியிருந்தார். அது ஜிமெயிலின் 25 எம்பி இணைப்பு வரம்பையும் தாண்டிய கோப்பு. அச்சுக்குத் தேவையான நுணுக்கம் கைப்பேசித் திரைக்கு வேண்டாம். பார்ப்பதற்கென்று சிறிய படி ஒன்று தயாரித்து, எழுத்துகளை எல்லாம் வடிவக் கோடுகளாக மாற்றி, அதை ஏற்றினார். எழுத்துரு இல்லாத கருவியிலும் இனித் தமிழ் உடையாது. கோப்பின் பெயரும் மாறியது. `final2 baru.pdf` என்றிருந்தது `01-label-murukku-200g.pdf` ஆனது. பதிவிறக்கி வைத்தவர் ஒரு வாரம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

நான்காம் நாள் அழைப்பு வந்தது. பேசியவர் கேட்ட முதல் கேள்வி நிறத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ இல்லை. அந்த வெள்ளைக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதுதான். அக்கா காரணத்தைச் சொன்னார். அவர்களுடைய முந்தைய லேபிள் ஒன்றில் சிவப்புக் கோடுகளால் கோட்டுக்குறி போட்டு, கடைகளில் வருடி படிக்காமல் திரும்பி வந்ததாம். வருடியின் ஒளி சிவப்பு. வெள்ளைத் தாளும் சிவப்புக் கோடும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தப் பேச்சிலேயே பாதி நேர்காணல் முடிந்துவிட்டது.

அடுத்து அவர்கள் கேட்டதுதான் நம்மில் பலர் சிக்கும் இடம். எங்கள் சீரகத் தூளுக்கு ஒரு லேபிள் செய்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சம்பளம் பற்றிப் பேச்சில்லை. இப்படி ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து இலவச லேபிள்கள் கிடைத்துவிடும். யாரையும் எடுக்காமலேயே போகலாம். எல்லா நிறுவனமும் அந்த எண்ணத்தோடு கேட்பதாக நான் சொல்லவில்லை. புதியவரின் திறமையைத் தெரிந்துகொள்ள வேறு வழி தெரியாமல் கேட்பவர்களும் உண்டு. அக்காவின் பதில் சண்டையாக இல்லை. "நீங்க கேட்ட மாதிரி வேலையைத்தான் அந்த இரண்டு மாதிரியிலயும் காட்டியிருக்கேன். சீரகத் தூள் லேபிள் நீங்க பயன்படுத்தப் போற லேபிள், அதனால அதைச் சோதனை விலைக்குச் செஞ்சு தர்றேன்" என்று 150 ரிங்கிட் கேட்டார். கையில் பொருத்தமான மாதிரி இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது. ஐம்பது கல்யாணப் பத்திரிகையை அனுப்பியிருந்தால், "இதில் லேபிள் எங்கே?" என்ற கேள்விக்கு இலவசமாகச் செய்து காட்டுவதைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது. மூன்று நாள் பதில் இல்லை. பிறகு 120 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்நூறு ஆண்டுக்கு முன் லியோனார்டோ டா வின்சியும் இப்படி ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். 1482ஆம் ஆண்டு வாக்கில் மிலானின் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதியது. தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், கோட்டை தகர்க்கும் வழிகள், பீரங்கிகள், மூடிய தேர்கள் என்று வரிசையாகப் போர்க் கருவிகளைச் சொல்லிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். ஆட்சியாளருக்குப் போர்க் கவலை என்பது அவருக்குத் தெரியும். இவையெல்லாம் முடியாது என்று தோன்றினால் உங்கள் பூங்காவிலேயே செய்து காட்டுகிறேன் என்றும் சேர்த்திருந்தார். ஓவியர்களில் அவருக்கு ஈடு யாரென்று இன்று நாம் கேட்கிறோம். அவர் அதை முதல் வரியில் வைக்கவில்லை. ஒன்று மட்டும் அவரிடம் நான் பின்பற்றச் சொல்லமாட்டேன், அந்தப் பூங்கா வாக்குறுதியை. அதற்குத்தான் இப்போது இணைப்பு இருக்கிறது.

உயர்கல்விக்கூடங்களில் படிப்பவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். பாடத்துக்காக நாங்கள் தயாரிக்கும் தொகுப்பில் பல துறை வேலைகளும் இருக்க வேண்டும் என்கிறார்கள், நீங்கள் இரண்டு என்கிறீர்களே என்று. பாடத் தொகுப்பைப் படிப்பவர் ஒரு விரிவுரையாளர். நாம் எதையெல்லாம் முயன்றோம், எப்படி வளர்ந்தோம் என்று மதிப்பிடுவது அவர் வேலை. அதற்கு எல்லாமும் வேண்டும். வேலை கொடுப்பவருக்கு நம் வளர்ச்சிக் கதை வேண்டாம், அடுத்த மாதம் அச்சாக வேண்டிய லேபிள் வேண்டும். இரண்டு தொகுப்பையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாமே. ஆனால் இந்த இரண்டு மாதிரி முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விளம்பர நிறுவனங்கள் பலவகை வேலைக்கு ஆள் தேடும்போது விரிந்த தொகுப்பையே கேட்கும். விளம்பரத்திலேயே இத்தனை படைப்பு என்று எண் போட்டிருந்தால் அந்த எண்ணைத்தான் அனுப்ப வேண்டும். என்ன வேலை என்று தெளிவாகச் சொல்லும் சிறு நிறுவனங்களின் விளம்பரங்களுக்கே இது பொருந்தும். தெப்ராவ் வட்டாரத்தில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் அவைதான்.

இன்னொன்று. பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் கணக்கின் சேமிப்பில் உங்கள் மாதிரிகளை வைத்திருந்தால் இப்போதே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். படிப்பு முடிந்தபின் பல கல்விக்கூடங்கள் அந்தக் கணக்குகளை மூடிவிடுகின்றன. அதோடு நீங்கள் அனுப்பிய இணைப்புகளும் செத்துப் போகும். வேலை தேடத் தொடங்கும் மாதமும் அதுவாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு அந்த நிறுவனத்தில் பகுதி நேர வேலை என்று கடிதம் வரவில்லை. லேபிளுக்கு இவ்வளவு என்று பேசி, சீரகத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு தூள்கள் வந்திருக்கின்றன. போன வாரம் ஜாலான் தெப்ராவ் பக்கம் ஒரு சலூன், சேவைப் பட்டியலும் முகநூல் படங்களும் செய்ய ஆள் தேடியது. அக்கா முறுக்கை எடுத்துவிட்டு, அறுபதில் எந்த இரண்டு அதற்குத் தேறும் என்று மறுபடியும் சலித்துக்கொண்டிருக்கிறார். தீபாவளிச் சந்தைக்குச் செய்த விலைப் பட்டியல் ஒன்று இப்போதைக்குத் தங்கியிருக்கிறது, இரண்டாவதைத் தேடுகிறார்.